சூடு வைத்த கல்

காரிமங்கலம் வாரச் சந்தையில் என் கடைக்கு இடப்பக்கம் கோகிலவாணியின் கடை. கடை என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். ஒரு மடக்கு மேசை, மேலே கறுப்பு வெல்வெட் துணி, துணிமேல் சின்னச் சின்னக் கண்ணாடி மூடிப் பெட்டிகள், தலைக்குமேல் ஒரு பழைய குடை. அவ்வளவுதான். நான் பூட்டு, டார்ச் லைட், கத்தரிக்கோல் விற்கிறவன். பெயர் ஜாவீத். சந்தையில் எல்லோருக்கும் பாய்.

அவள் விற்பது ராசிக்கல். வைரம் வைடூரியம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் சந்தைக்கு வருகிறவர்கள் தக்காளி மூட்டையைப் போட்டுவிட்டு, ஆட்டை விற்றுவிட்டு, மீதியில் மகளுக்கு வளையல் வாங்குகிறவர்கள். ஜோசியக்காரன் அவர்களிடம் கொஞ்சமும் ஈவிரக்கம் இல்லாமல் "நீலம் போடு, மாணிக்கம் போடு, புஷ்பராகம் போடு" என்று எழுதிக் கொடுத்துவிடுவான். அந்தச் சீட்டைத் தூக்கிக்கொண்டு டவுன் நகைக்கடைக்குள் போனால் ஏசிக் காற்று வாங்கிவிட்டு வெளியே வர வேண்டியதுதான். அவர்களுக்கென்றே கடவுள் விட்டுவைத்த கற்கள் மூன்று. நீலத்துக்குப் பதில் ஊதாக்கல், அமிதிஸ்ட் என்பார்கள். மாணிக்கத்துக்குப் பதில் கார்னெட், மாதுளை முத்துச் சிவப்பு. புஷ்பராகத்துக்குப் பதில் சிட்ரின், தேன் மஞ்சள். மூன்றையும் வெள்ளி மோதிரத்தில் பதித்து கோகிலவாணி விற்பாள். கூலி வேலைக்காரனும் விரலில் ஒரு கல் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடக்கலாம்.

அவளுடைய வியாபாரத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. மிதமிஞ்சிய உண்மை.

"அக்கா, இந்த மஞ்சக்கல்லு ஒரிஜினலா?" என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டு மோதிரத்தை மடித்துக் கொடுக்க வேண்டியதுதானே? அவள் அப்படிச் சொல்ல மாட்டாள்.

"கல்லு ஒரிஜினலுங்க. கலரு மட்டும் அடுப்புல வந்ததுங்க. ஊதாக்கல்லச் சூடு வச்சா இப்படி மஞ்சளாவும். புஷ்பராகம் இல்லீங்க இது, சொல்லிப்புட்டேன்."

பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். மீதிப் பேர் அவள் சொன்ன விதத்தில் மயங்கி இரண்டாக வாங்கிப் போவார்கள். "ஏன் அக்கா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா ஆவாதா?" என்று நான் கிண்டல் செய்வேன். "கல்லுல பொய் சொல்லக்கூடாது பாய். அவரு சொல்லிக் குடுத்தது" என்பாள்.

அவர் என்றால் திருமால், அவள் புருஷன். நெட்டையான ஆள், எப்போதும் சிரித்த முகம், எதையும் மறந்துவிடுகிற மனுஷன். அம்மா அப்பா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கூடப் பிறந்தவர்கள் கிடையாது, சித்தப்பா பெரியப்பா என்று சொல்லிக்கொள்ளவும் யாரும் இல்லை. ஒரு சேட்டுக் கடையில் கல் பொறுக்கும் வேலையில் சேர்ந்து, தொழிலைக் கற்றுக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவர். பிள்ளை இல்லை. அந்தக் குறையை இருவரும் வெளியே காட்டிக்கொண்டதில்லை. வாரம் முழுக்கச் சந்தை சந்தையாகச் சுற்றுவார்கள். காரிமங்கலம், பாப்பிரெட்டிப்பட்டி, இன்னும் நாலைந்து ஊர். ஒருவர் பேச ஒருவர் சிரித்துக்கொண்டே மேசையை மடிப்பார்கள். பக்கத்தில் தனி ஆளாகக் கடையை மூட்டை கட்டும் எனக்குப் பொறாமையாக இருக்கும். அதை நேராகச் சொல்லிவிடுகிறேன், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது.

சூடு வைக்கும் வேலையை அவர்கள் வீட்டுப் பின்புறம் நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெளுத்துப்போன, திட்டுத் திட்டாக நிறம் நிற்கிற ஊதாக்கற்கள் விற்காது. அவற்றை ஒதுக்கி வைப்பார் திருமால். ஒரு மண்சட்டியில் சலித்த மணலைப் பரப்பி, ஒன்றோடொன்று ஒட்டாமல் கற்களைப் பதித்து, மேலே மறுபடி மணல் போட்டு, மூடி வைத்துக் களிமண்ணால் பூசிவிடுவார். சுற்றிலும் உமியும் கரியுமாகக் குவித்துத் தீ வைப்பார். கொழுந்துவிட்டு எரியக்கூடாது, கனன்றுகொண்டே இருக்க வேண்டும். சூடு மெல்ல ஏறி மெல்ல இறங்கினால்தான் கல் பிழைக்கும். அவசரப்பட்டுச் சூட்டோடு மூடியைத் திறந்தால் குளிர்காற்று பட்டு விரிசல் விட்டுவிடும். அதனால் சட்டி தானாக ஆறும்வரை, மறுநாள்வரைகூட, தொட மாட்டார்கள்.

திறப்பது கோகிலவாணியின் உரிமை. மணலுக்குள் விரலை விட்டுத் துழாவி ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் துடைத்து வெளிச்சத்தில் பிடிப்பாள். போகும்போது ஊதாவாகப் போனது வரும்போது எலுமிச்சை மஞ்சளாக, தேன் நிறமாக, சிலது செம்பழுப்பாக வரும். சூடு கூடிப்போனது பால் போல வெளுத்து, உள்ளே விரிசலோடு கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் போடுவாள். நல்ல மஞ்சள் என்றால் "அடேயப்பா!" பால் என்றால் "போச்சுரா!"

ஒரு தடவை அவளுக்கு ஆசை, கார்னெட்டையும் வைத்துப் பார்க்கலாமே என்று. கருஞ்சிவப்பாக இருந்தது கொஞ்சம் வெளிச்சமாக வராதா என்ற நப்பாசை. திருமால் சிரித்துக்கொண்டே வைத்துக் கொடுத்தார். ஆறிய பிறகு எடுத்தால் அதே சிவப்பு. ஒன்றிரண்டு விரிசல் விட்டிருந்தது, சிலது மேலே மங்கியிருந்தது, நிறம் மட்டும் அப்படியே இருந்தது. "இந்தச் சிவப்பு எதுக்கும் அசையாது வாணி" என்றார். அவர் மட்டும்தான் அவளை வாணி என்று கூப்பிடுவார்.

அவர் விரலில் ஒரு ஊதாக்கல் மோதிரம் இருக்கும். அத்தனை கல்லிலும் நல்ல கல் அது. கத்திரிப்பூ நிறத்தில் உள்ளே ஒரு பொட்டு வெளுப்பில்லாமல் இருக்கும். ராசிக்காகப் போட்டதில்லை, அவருக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. வாங்க வருகிறவர்களுக்குக் கையை நீட்டிக் காட்டுவதற்காகப் போட்டது. வெள்ளி விளிம்பை அந்தக் கல்லின்மேல் அழுத்திப் பதித்தவள் கோகிலவாணி. அப்போதுதான் பதிக்கும் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தாள், விளிம்பு ஒரு பக்கம் கொஞ்சம் கோணிவிட்டது. மாற்றித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டும் அவர் கழற்றித் தரவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. மோதிரங்களுக்கு வெள்ளி வேலை சேலத்தில் நடக்கும். செய்து முடித்ததை வாங்கி வர திருமால் மதியத்துக்கு மேல் கிளம்பினார். செல்போனை சார்ஜில் போட்டவர் அதை எடுக்க மறந்துவிட்டார். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் தெரிந்த லாரி, தெரியாத லாரி என்று எதிலும் ஏறிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு. அன்று மாலை தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் முன்னால் போன வண்டிகளில் மோதித் தீப்பிடித்தது. கேபினில் இரண்டு உடல்கள். ஒன்று டிரைவர் என்று லாரி முதலாளி சொல்லிவிட்டார். இன்னொன்று வழியில் ஏறிய யாரோ.

திருமால் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கோகிலவாணி போலீஸுக்குப் போனாள். அடையாளம் கேட்டார்கள். "வலது கை மோதிர விரல்ல ஊதாக்கல்லு வச்ச வெள்ளி மோதிரமுங்க" என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அவளை ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே நடந்ததை அவள் என்னிடம் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன்.

உடலில் முகம் என்று ஒன்று இல்லை. உயரம் சொல்ல முடியாதபடி சுருண்டிருந்தது. ஒரு கை மட்டும் உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்ததால் அதிலிருந்த மோதிரம் உருகாமல் மிஞ்சியிருந்தது. ஒரு போலீஸ்காரர் அதைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெள்ளி கறுத்திருந்தது. விளிம்பு ஒரு பக்கம் கோணியிருந்தது. நடுவில் கல். மஞ்சள் கல்.

"பாத்துச் சொல்லும்மா. ஊதான்னு சொன்னீங்க, இது மஞ்சளா இருக்குது. உங்க வூட்டுக்காரருதா?"

அந்த அறையில் இருந்தவர்களில் ஊதா எப்படி மஞ்சளாகும் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எத்தனை சட்டி திறந்த கை அது. அந்த மஞ்சளை, ஓரத்தில் லேசாகப் பால் பாய்ந்திருந்த அந்த விரிசலைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கோணல் விளிம்பை வேறு பார்த்துவிட்டாள்.

"இல்லீங்க" என்றாள். "அவரு போட்டிருந்தது ஊதாக்கல்லு. இது அவரு இல்லீங்க."

வாழ்நாளில் ஒரு கல்லைப் பற்றி அவள் சொன்ன ஒரே பொய் அது.

ரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் திருமாலுக்கு ரத்த உறவு என்று யாரும் இல்லை. போலீஸார் வேறு ஆள் தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் ஆளில்லாப் பிணம் என்று தருமபுரி மயானத்தில் ஒரு மூலையில் புதைத்துவிட்டார்கள். அவள் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. எப்படிப் போவாள்? போனால் அது அவராகிவிடுமே.

நாளாக ஆக ஊர் தன் வேலையைத் தொடங்கியது. காணாமல் போன ஆம்பிளைக்கு நம் ஆட்கள் முதலில் கட்டிக் கொடுப்பது இன்னொரு பொம்பளையை. திருமால் பெங்களூரில் ஒருத்தியோடு இருக்கிறார் என்றார்கள். ஓசூரில் மோதிரம் விற்றுக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னான். அவன் வாயில் என் கத்தரிக்கோலை வைத்து நறுக்கலாமா என்று எனக்கு வந்தது. கோகிலவாணியோ இதற்கெல்லாம் கோபப்படவில்லை. "இருக்கலாம் பாய். எங்கியாச்சும் இருந்தாச் சரி" என்பாள். அப்போது எனக்கு அது பெருந்தன்மையாகப் பட்டது. ஓடிப்போன புருஷன் என்ற அவப்பெயரை அந்த நல்ல மனுஷன்மேல் அவளே விழவிட்டு வேடிக்கை பார்த்தாள் என்பதும், ஓடிப்போனவனாவது ஒரு நாள் திரும்பி வரலாமே என்பதுதான் அவள் கணக்கு என்பதும் எனக்குத் தெரியாது.

அவள் தனியாகச் சந்தைக்கு வந்தாள். மேசையின் ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லாததால் அதை வயிற்றில் முட்டுக்கொடுத்து மடித்தாள். உதவிக்குப் போனால், "வேண்டாம் பாய், பழகிக்கறேன்" என்றாள். வீட்டில் காலையில் ஒரு முறை சோறு வடித்து அதையே ராத்திரிக்கும் தண்ணீர் ஊற்றித் தின்றாள். அவருடைய செல்போனுக்கு மாதா மாதம் ரீசார்ஜ் செய்தாள். அதில் லோன் வேண்டுமா என்று கேட்டு வரும் அழைப்புகளைக்கூட எடுத்து, "அவரு வெளிய போயிருக்காருங்க" என்று பதில் சொல்வாள். பேச்சுத் துணைக்கு அதுவும் ஆச்சு என்று ஒரு நாள் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சூடு வைப்பதை நிறுத்திவிட்டாள். வெளுத்த ஊதாக்கற்கள் ஒரு டப்பாவில் சேர்ந்துகொண்டே போயின. மஞ்சள் கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்றாள். "ஏன் அக்கா, உமி கெடைக்கலையா? நான் கொண்டாந்து தர்றேன்" என்றேன். "சட்டி தொறக்கப் புடிக்கல பாய்" என்று மட்டும் சொன்னாள்.

இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஒரு சந்தை நாள். வெயில் ஏறி, கூட்டம் குறைந்த நேரம். கையில் ஒரு துணிப்பையோடு வயதான பெண் ஒருத்தி கடை கடையாக விசாரித்துக்கொண்டு வந்தாள். சித்தேரி மலையில் சாமை, தினை விதைத்துப் பிழைக்கிறவள், பெயர் ராமக்கா. பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கோகிலவாணி தன் ஸ்டூலை அவளுக்குப் போட்டுக் கொடுத்தாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"நீதான கல்லு விக்கற பொண்ணு? பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தையில புருசனும் பொண்டாட்டியுமா ஒக்காந்திருப்பீங்களே?"

"ஆமாங்க ஆத்தா."

"என் பையன் முத்துராஜு உங்ககிட்டத்தான் செவப்புக்கல்லு மோதிரம் வாங்குனான். வெள்ளி மோதிரம். கையைக் கையைப் பாத்துக்குவான்." கிழவி மூச்சு வாங்கிக்கொண்டாள். "லோடு ஏத்தற வேலைக்குன்னு லாரி லாரியா ஏறிப் போவான். ஒரு தடவை போனா மாசக்கணக்குல ஆளு வராது. அதனால அந்தத் தடவையும் வருவான் வருவான்னு சும்மா இருந்துட்டேன். ரொம்ப நாளாச்சேன்னு போலீசுல போய்ச் சொன்னா, அந்தச் சமயத்துல தொப்பூருல லாரி எரிஞ்சதுல ஆளு தெரியாத பொணம் ஒண்ணு இருந்துச்சு, வெள்ளி மோதிரம் போட்டிருந்துச்சுன்னாங்க."

கோகிலவாணி வெல்வெட் துணியின் சுருக்கத்தை நீவ ஆரம்பித்தாள். நீவின இடத்தையே மறுபடி மறுபடி நீவிக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் பாக்கலாம்னா நான் பெத்தவ இல்ல கண்ணு, வளத்தவ. யாரோ பஸ்டாண்டுல வுட்டுட்டுப் போன கொழந்தை அவன். எனக்கு மனசுல பட்டுருச்சு, அது அவந்தான்னு. ஆனா மோதிரத்துல இருந்தது மஞ்சக்கல்லாம். எங்க ஊருப் பெரியவங்க கருமாதி பண்ண வுட மாட்டேங்கறாங்க. உசுரோட இருக்கறவனுக்குக் கருமாதி பண்ணுனா அவனுக்கு ஆவாதுங்கறாங்க. அதான் உங்கிட்டக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நீ கல்லு தெரிஞ்சவ. செவப்புக்கல்லு நெருப்புல கெடந்தா மஞ்சளா மாறுமா?"

இதில் பதில் சொல்ல யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். எனக்கே தெரியுமே. நானே "மாறாதுங்க" என்று வாயைத் திறக்கப் போனேன். கோகிலவாணியின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அப்படியொரு முகத்தை நான் அவளிடம் அதற்குமுன் கண்டதில்லை.

அவள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். "மாறும்" என்று ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் கிழவிக்கு நிம்மதி. கருமாதி நடக்கும், மனசு ஆறும். அந்தக் குழிக்கு முத்துராஜ் என்று ஒரு பெயரும் வந்துவிடும். பெயர் வந்துவிட்டால் திருமால் அங்கே இல்லை என்று ஆகிவிடும். பெங்களூரிலோ ஓசூரிலோ எங்கேயோ மோதிரம் விற்றுக்கொண்டிருப்பார், என்றைக்காவது கதவைத் தட்டுவார். யாருக்கும் நஷ்டமில்லாத பொய். அவள் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்?

கிழவி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாறாதுங்க ஆத்தா" என்றாள் கோகிலவாணி. "செவப்பு மாறாதுங்க. சூட்டுல வெடிக்கும், மங்கும். மஞ்சளாவாது. நானே அடுப்புல வச்சுப் பாத்திருக்கேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணு. பெருந்தீ அது."

"எந்தத் தீயில போட்டாலும் மஞ்சளாவாதுங்க. அது உங்க பையன் இல்லீங்க."

அது உன் பையன் இல்லை என்று கேட்டால் ஒரு தாய் சந்தோஷப்படுவாள் என்று நாம் நினைப்போம். ராமக்காவின் முகம் விழுந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும் என்ற களைப்பு அது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, எதற்கோ கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அப்ப எந்தக் கல்லுதான் மஞ்சளா மாறும்?"

"ஊதாக்கல்லுங்க."

"ஊதாவா? அப்படின்னா ஊதாக்கல்லு போட்டவன் யாரோ ஒருத்தன் அங்க கெடக்கறான். எந்த மவராசி பெத்த பிள்ளையோ. தேடிக்கூட யாரும் வரலையே."

"நாந்தான் ஆத்தா தேடிப் போனேன்." அவள் மேசையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டாள். "போயிப் பாத்துட்டு, இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அது எங்க வூட்டுக்காரருங்க."

சந்தை இரைச்சலில் அதைக் கேட்டது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். இரண்டு வருஷமாக நான் திருமாலை மனசுக்குள் திட்டியிருக்கிறேன், இப்படி ஒருத்தியை விட்டுவிட்டுப் போனானே பாவி என்று. அந்த ஒரு வரியில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பூட்டு ஒன்றை எடுத்துச் சாவி போட்டு, திறந்து, மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தேன்.

ராமக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுந்து மேசையைச் சுற்றி வந்து கோகிலவாணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க நான் போயிக்கிட்டிருக்கேன் கண்ணு. போலீசுக்காரங்க எடத்தச் சொன்னதுல இருந்து, அமாவாசைக்கு அமாவாசை. மண்ணக் கூட்டி, வெளக்கு வெச்சு, அழுதுட்டு வருவேன். இன்னைக்கும் போலாம்னுதான் கெளம்புனேன்."

கோகிலவாணி அப்போதுதான் உடைந்தாள். அவரை அந்த மூலையில் யாருமில்லாமல் விட்டுவிட்டோம் என்பதுதான் இத்தனை நாளும் ராத்திரி அவளைத் தூங்கவிடாமல் செய்தது. இங்கே ஒரு முன்பின் தெரியாத பொம்பளை அவருக்கு விளக்கு வைத்திருக்கிறாள்.

"எனக்கு எடம் தெரியாதுங்க ஆத்தா" என்றாள். "என்னையக் கூட்டிட்டுப் போறீங்களா?"

நான் என் சாமான்களை அள்ளி ஓம்னி வண்டியில் போட்டேன். அவளுடைய மேசையை நானே மடித்தேன். இந்தத் தடவை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. இருவரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு தருமபுரிக்கு விட்டேன். வழியெல்லாம் அவள் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தாள், பிணவறை, கறுத்த வெள்ளி, கோணல் விளிம்பு எல்லாவற்றையும். ராமக்கா "ம்" கொட்டிக்கொண்டு வந்தாள். நாளைக்குப் போலீஸிலும் இதையே சொல்லிவிடுகிறேன் என்றாள் கோகிலவாணி. நானும் கூட வருகிறேன் என்றேன்.

மயானத்தில் வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்தது. ராமக்கா வழி தெரிந்தவளாக முன்னால் நடந்தாள். கோடியில், சுவரை ஒட்டி, ஒரு மேடு. மற்ற மேடுகள் சரிந்து புல் மூடியிருக்க, இது மட்டும் சுத்தமாக இருந்தது. தலைமாட்டில் எண்ணெய்க் கறையோடு ஒரு அகல், காய்ந்த சாமந்தி.

"இங்கதான் கண்ணு."

கோகிலவாணி பக்கத்தில் போகாமல் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகப் போய் மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை மண்மேல் வைத்தாள். "வந்துட்டனுங்க" என்றாள்.

ராமக்கா பழக்க தோஷத்தில் அகலைத் துடைத்து எண்ணெய் ஊற்றினாள். துணிப்பையிலிருந்து பூவை எடுத்து வைத்தாள். பிறகு எண்ணெய் கசிந்த ஒரு பொட்டலத்தை எடுத்தவள் பிரிக்கப் போய்ச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"கண்ணு, ஒண்ணு கேக்கறேன். என் பையனுக்கு முட்டை போண்டான்னா உசுரு. ஒவ்வொரு தடவையும் பஸ்டாண்டுல இதத்தான் வாங்கியாந்து வெச்சேன். உன் வூட்டுக்காரருக்குப் புடிக்குமா?"

கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவரு முட்டையவே தொட மாட்டாருங்க ஆத்தா. வாசனையே ஆவாது. பக்கத்துல யாராச்சும் தின்னாக்கூட எந்திரிச்சுப் போயிருவாரு."

"அட பாவமே! இத்தன நாளா அத வெச்சு வெச்சு..." கிழவி மேட்டைப் பார்த்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுக்கப்பா சாமி. நீதான்னு எனக்குத் தெரியல."

இருவரும் சிரித்தார்கள். கோகிலவாணியின் சிரிப்பு நடுவில் எங்கேயோ திரும்பிப் பெருங்குரலில் அழுகையாயிற்று. இரண்டு வருஷத்து அழுகை. மண்ணில் முகம் புதைத்து, அவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் அழ விட்டுவிட்டேன்.

ராமக்கா விலகி வந்து என் பக்கத்தில் நின்றாள். போண்டாப் பொட்டலம் இன்னும் பிரிக்காமல்தான் இருந்தது. அதைக் கொண்டுபோய் வைக்க அவளுக்கு இனி ஒரு இடம் இல்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு வந்த வழியைப் பார்த்தாள். பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.